நான்கு பூட்டுகளும் இரண்டு வெற்றுத் துளைகளும்

என்னிடம் கேட்கப்பட்டது ஒரேயொரு வாசகம். படம் என் பொறுப்பில் இல்லை. ஆயினும் அந்தக் கோடை விடுமுறையின் அமைதியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது வாசகமன்று, படந்தான்.

நெய்வேலி நகரியத்துப் பள்ளியொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் படித்த ஒரு மாணவியின் தந்தை, நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் பழுதுபார்க்கும் ஒப்பந்தக் குழுவொன்றுக்கு மேற்பார்வையாளர். ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டியை எங்கள் குவார்ட்டர்ஸ் வாயிலில் நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், ஒரு போர்டுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுக்கணுங்க. நல்ல தமிழா இருக்கணும். ஆனா படிச்சா புரியணும்."

"நல்ல தமிழ் புரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"எம் பொண்ணுதாங்க. உங்க கிளாஸ்ல படிச்சவ."

நான் சிரித்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, உடையெல்லாம் கரிப்புழுதி என்றார். நின்றபடியே விளக்கினார்.

நிலக்கரியையும் மண்ணையும் சுமந்தோடும் அந்த நீண்ட ரப்பர்ப் பட்டையின் உருளைகளைப் பழுதுபார்க்க ஆட்கள் உள்ளே நுழையும் முன், மின்சாரத்தை நிறுத்திச் சுவிட்சின் கைப்பிடியைப் பூட்டுவார்கள். பூட்டுவதற்கென்று ஆறு துளைகள் கொண்ட இரும்புக் கொக்கி ஒன்று உண்டு. உள்ளே போகும் ஒவ்வொருவனும் தனக்குரிய பூட்டை அதன் ஒரு துளையில் மாட்டிப் பூட்டித் திறவுகோலைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபின் அவனே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டுக் கழலும்வரை கைப்பிடி அசையாது, பெல்ட் ஓடாது. ஆக, கொக்கியில் தொங்கும் பூட்டுகளை எண்ணினால் உள்ளே இருக்கும் உயிர்களை எண்ணியதாகும்.

"பெல்ட்ட நிறுத்தி ரிப்பேர் பார்க்கற அடுத்த ஷட்டவுனுக்குப் புதுப் பசங்க வரானுங்க டீச்சர். பாதிப் பேரு இந்த வேலையையே பார்த்ததில்ல. மூணு பேரு பூட்டு தொங்கிக்கினு இருந்தா, 'அதான் பூட்டியிருக்கே'ன்னு நாலாவது ஆளு பூட்டாமலே உள்ள போயிடுவான். அந்த மூணு பேரும் வெளிய வந்து பூட்டக் கழட்டிட்டா, அவன் உள்ள இருக்கறது யாருக்குங்க தெரியும்?"

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. இங்கு வருவதற்கு முன், வேறோர் ஊரின் சிறிய ஆலையில் அவர் வேலை செய்திருக்கிறார். அங்கே இப்படி உள்ளே இருந்த நாலாவது ஆள் அவருடைய தம்பி. பெல்ட் ஒரு முழம் ஓடியதும் யாரோ கூச்சல் கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி பிழைத்துக்கொண்டார், ஆனால் வலக்கால் பாதத்தை முழுமையாக ஊன்ற இன்றைக்கும் அவரால் இயலாது. இதை அவர் மகள் ஒரு கட்டுரையில் எழுதி நான் முன்பே படித்திருந்தேன். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றே எழுதிக் கொடுத்தேன். 'உள்ளே எத்தனை பேரோ, வெளியே அத்தனை பூட்டுகள். உன் பூட்டை உன்னைத் தவிர வேறெவரும் திறத்தல் ஆகாது.' சொல் ஒன்றும் மிகையில்லை, ஒன்றும் குறையில்லை. எனக்கு நிறைவாகவே இருந்தது.

அவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். "அருமைங்க. ஆனா உண்மையச் சொல்லணும்னா, பாதிப் பேரு இதப் படிக்க மாட்டான். வடக்கேருந்து வந்த பசங்களுக்குத் தமிழே தெரியாது. அவனுங்க படத்தப் பார்ப்பானுங்க, பூட்ட எண்ணுவானுங்க. நாலு பேரு, நாலு பூட்டு, ரெண்டு ஓட்டை காலி. அந்தப் படம் சரியா வந்துட்டா போதும்."

நிழற்படம் எடுத்துவிடலாமே என்றேன். உள்ளே கைப்பேசியில் படமெடுக்க அனுமதியில்லை. பூட்டையும் கொக்கியையும் வெளியே கொண்டுவரலாமென்றால், கேட் பாஸ் இல்லாமல் ஒரு நட்டுகூட வாயிலைத் தாண்டாது. அனுமதி கேட்டு எழுதினால் ஷட்டவுன் முடிந்தபின் வரும். மந்தாரக்குப்பத்தில் பேனர் அடிக்கும் ஒரு பெண், கணினியிடம் சொல்லியே படம் வரவழைக்கிறாராம். வாசகத்தில் பிழை நேராமல் நான் கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். சுவர் முழுதும் காதணி விழாவும், கண்ணீர் அஞ்சலியும், முதலாம் ஆண்டுப் பிறந்தநாளும் அருகருகே தொங்கின. என் வாசகத்தை நொடியில் தட்டெழுதிவிட்டார். பிழையில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இருங்க டீச்சர், படத்தையும் பார்த்துட்டுப் போங்க. இப்ப வந்துடும்."

வந்தது. மழுமழுவென்று ஒளிரும் ஓர் இரும்புக் கொக்கி; அதில் சிவப்புப் பூட்டுகள். உண்மையைச் சொல்வதானால், அழகாயிருந்தது. நான் எண்ணினேன். ஆறு.

"நான்கல்லவா கேட்டீர்கள்?"

"நாலுதான் போட்டேன் டீச்சர். பாருங்க." தட்டியிருந்ததைக் காட்டினார். நான்கு என்றுதான் இருந்தது.

மறுபடி அழுத்தினார். ஐந்து. மறுபடி. ஐந்து, ஆனால் ஒன்றின் வளையம் எந்தத் துளைக்குள்ளும் போகாமல் காற்றில் நின்றது. மறுபடி. மீண்டும் ஆறு.

"ரெண்டு, மூணுன்னா ஒழுங்கா குடுக்கும் டீச்சர். அதுக்கு மேல போனா தடுமாறும். அது எண்ணிப் போடறது இல்ல. இந்த மாதிரி கொக்கிப் படம் ஆயிரம் பார்த்திருக்கும், எல்லாத்துலயும் ஓட்டை பூரா பூட்டுத் தொங்கியிருக்கும். அதே ஞாபகத்துல ஓட்டையெல்லாம் ரொப்பிடுது."

வெற்றுத் துளையை அந்தக் கருவியால் பொறுக்க முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கினாலும் எரிச்சல் தணியவில்லை. குறை கருவியில் இல்லை, கேட்ட வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. 'red lock 4 nos' என்று பலசரக்குச் சீட்டுப்போல எழுதினால் யாருக்குத்தான் விளங்கும்? நான் சொல்கிறேன், அப்படியே தட்டுங்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐயத்துக்கு இடமின்றி ஒரு பத்தி சொன்னேன்: ஆறு துளைகள் கொண்ட கொக்கி; இடமிருந்து முதல் நான்கு துளைகளில் துளைக்கு ஒரு பூட்டாக நான்கு பூட்டுகள்; எஞ்சிய இரண்டு துளைகளும் வெறுமையாக இருக்கும்; ஐந்தாவது பூட்டோ ஆறாவது பூட்டோ எங்கும் இருத்தல் கூடாது.

அவர் தட்டிவிட்டுக் காத்திருந்தார். திரையில் முதலில் எழுத்து வந்தது: 'இதோ, நீங்கள் கேட்டபடியே சரியாக நான்கு பூட்டுகள் கொண்ட படம்.' அதன்கீழே படம் வந்தது. ஏழு பூட்டுகள். கொக்கிக்கு ஏழாவதாக ஒரு துளையையும் அதுவே உண்டாக்கியிருந்தது.

அந்தப் பெண் அடக்க முயன்றும் சிரித்துவிட்டார். "'அஞ்சாவது', 'ஆறாவது'ன்னு சொன்னீங்கல்ல டீச்சர், அது அதத்தான் புடிச்சிக்கிச்சு. வேணாம்னு சொல்றதெல்லாம் இதுக்குச் சரியா ஏறாது. பேரச் சொன்னாலே கொண்டாந்து வெச்சிடும்."

எத்தனையோ ஆண்டுகளாக எதிர்மறை வினையைக் கற்பித்து வருகிறேன். கூடாது என்பதை ஆகும் என்று கொள்ளும் மாணவன் ஒருவனைக்கூட நான் கண்டதில்லை. அதைவிட, தவறான விடைக்கு மேலே 'சரியாக' என்று எழுதிவைக்கும் அந்த நம்பிக்கைதான் என்னைச் சுட்டது. விடைத்தாளாயிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். திரையில் சுழிக்க வழியில்லை. 'எண்ணிப் பார், இவை நான்கா?' என்று கேட்கச் சொன்னேன். 'மன்னிக்கவும், இப்போது திருத்திவிட்டேன்' என்றது. ஐந்து.

அடுத்த இரு நாட்களும் அங்கேயே கழிந்தன. கடைக்காரப் பெண் ஒரு சூழ்ச்சி செய்தார். "ஒண்ணு கூடவே குடுக்குதுல்ல? அப்ப மூணு கேட்போம், நாலு குடுக்கும்." மூன்று கேட்டார். இம்முறை பிசகாமல் மூன்றே வந்தன. 

பிறகு, ஐந்து பூட்டுகள் கொண்ட நல்ல படமொன்றைத் தேர்ந்து, ஐந்தாவதை மட்டும் சுட்டியால் தடவி மறைத்து, அந்த இடத்தை வெறுமையாக்கித் தரும்படி கேட்டார். பூட்டின் உடல் போயிற்று. வளையம் மட்டும் துளையில் தொங்கியது. மறுபடி தடவினார். வளையம் இருந்த இடத்தில் திறவுகோல் ஒன்று முளைத்தது. மறுபடி. திறவுகோலிருந்த இடத்தில், சிறியதாக, ஒரு பூட்டு.

"டீச்சர், கோச்சிக்காதீங்க. அஞ்சு பேருன்னே வெச்சிக்கலாமே? உங்க வாசகத்துல எண்ணிக்கையே இல்லையே. படத்துல அஞ்சு ஆளு நிக்கட்டும், அஞ்சு பூட்டு தொங்கட்டும்."

என் உள்ளம் ஒரு கணம் இணங்கத்தான் செய்தது. ஆனால் மேற்பார்வையாளரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டபோது அவர் உடனே மறுத்தார். "ஒவ்வொரு கேங்குக்கும் நாலு பேருதாங்க. அஞ்சு காட்டினா, இன்னொருத்தன் எங்கன்னு தேடுவான். இல்லன்னா நம்ம கேங்குக்கு இல்ல இதுன்னு போயிக்கினே இருப்பான். அப்புறம் போர்டு எதுக்குங்க?"

அவர் சொன்னதில் தவறில்லை. அதனாலேயே எனக்கு மேலும் சினம் வந்தது. பக்கத்துக் கடையில் வீட்டுக்கதவுப் பூட்டு நான்கு வாங்கிப் படமெடுத்தால் என்ன என்று கேட்டேன். "அத மாட்டினா, வூட்டுலேருந்து பூட்டு எடுத்துக்கினு வந்துடுவானுங்க" என்றார். அதையும் மறுக்க இயலவில்லை.

நான்காம் நாள் நான் போகும்போது கடைக்காரப் பெண் முகமலர்ச்சியோடு இருந்தார். படம் முடிந்துவிட்டது என்றார். நான்கென்று கேட்பதையே அவர் விட்டுவிட்டார். வெறுங்கொக்கி ஒன்றைத் தனியாக வரவழைத்திருந்தார். பூட்டே கேட்காததால் துளைகள் ஆறும் வெறுமையாக வந்தன. வெண்ணிறப் பின்னணியில் ஒரேயொரு பூட்டைத் தனியாக வரவழைத்திருந்தார். ஒன்று கேட்டால் அது ஒன்றுதான் தருமாம். அந்தப் பூட்டைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்து, பேனர் வேலைக்கு எப்போதும் கையாளும் மென்பொருளில் நான்காகப் படியெடுத்து, முதல் நான்கு துளைகளில் தாமே கோத்திருந்தார். வளையத்தின் முன்பாதி துளைக்கு மேலும் பின்பாதி அடியிலுமாக, நிழல்கூடப் பிசகாமல் வைத்திருந்தார். நான் எண்ணினேன். நான்கு. இரண்டு துளைகள் வெறுமை. மறுபடி எண்ணினேன். அப்போதும் நான்கு.

"எண்ணறத அதுக்கிட்ட விட்டாத்தான டீச்சர் தொல்ல? அது வரையட்டும், நான் எண்ணிக்கறேன்" என்றார்.

மேற்பார்வையாளர் மாலையில் வந்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்திருந்தோம். அவர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். 

"என்ன அண்ணா, நாலுதான?" என்றார் அந்தப் பெண்.

"நாலுதான்மா. ஆனா இது நாலு பேரு பூட்டு இல்ல. ஒருத்தன் பூட்டு நாலு வாட்டி தொங்குது."

சுட்டிக் காட்டினார். பூட்டின் உடலில் ஓர் அட்டை கோக்கப்பட்டிருந்தது. கருவி வரைந்த பூட்டில் அதுவே தானாகச் சேர்த்தது. எழுத்துப்போலத் தோன்றும், எழுத்தல்லாத கிறுக்கல் அதில் இருந்தது. நான்கு அட்டைகளிலும் ஒரே கிறுக்கல். நான்கு பூட்டுகளின் இடப்பக்கத்திலும் ஒரே கீறல்.

"எங்க எடத்துல ஒவ்வொருத்தன் பூட்டுலயும் அவன் அட்டை இருக்கும். அட்டை ஒண்ணுன்னா ஆளு ஒண்ணு. இதப் பார்த்துட்டு ஒருத்தனே நாலு பூட்டு மாட்டிட்டு, 'எல்லாருக்கும் சேர்த்து நானே போட்டுட்டேன்'னு சொல்லுவான். சொல்லியிருக்கானுங்க." சற்று நிறுத்தி, "எந் தம்பிக்கும் அப்பிடித்தான் ஒருத்தன் சொன்னான். 'நீ போ, உனக்கும் சேர்த்துப் பூட்டிட்டேன்'னு" என்றார்.

 எண்ணிக்கை சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் அதுவரை எண்ணியிருந்தது எவ்வளவு பெரிய பிழை! 'உன் பூட்டை உன்னைத் தவிர' என்று எழுதியவள் நான். அந்த 'உன்' படத்தில் இல்லை என்பதை என் கண் காணவில்லை. வாசகத்தைச் சொல் சொல்லாகப் பார்த்தவள், படத்தைத் தலை தலையாக எண்ணியதோடு நின்றுவிட்டேன். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. கடைக்காரப் பெண்ணோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சாமி, எனக்கு மூணு காதுகுத்துப் பேனர் நிக்குது" என்றார்.

ஆயினும் மறுநாள் காலையில் அவரே என்னை அழைத்தார். வழி இருக்கிறது என்றார். பூட்டு ஒன்றை வரவழைப்பது எளிதென்றால், அதையே நான்கு முறை வெவ்வேறாகச் செய்தால் ஆயிற்று. சிவப்பு ஒன்று. மஞ்சள் ஒன்று. நீலம் ஒன்று. பச்சை ஒன்று. ஒவ்வொரு முறையும் 'ஒரு பூட்டு' என்றே கேட்டார். பச்சை மட்டும் ஒருமுறை இரண்டு வளையங்களோடு வந்தது. எறிந்துவிட்டு மறுபடி கேட்டார். கிறுக்கல் அட்டைகளையெல்லாம் அழித்துவிட்டு வெற்று அட்டைகளை வைத்தார். "அட்டையில எழுத்து இதுக்கிட்ட விடக் கூடாது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

நான் தூய தமிழில் நான்கு தொழிற்பெயர்களை எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் கைப்பேசியில் கேட்டுவிட்டு, "டீச்சர், 'பொருத்துநர்'னா எங்க ஆளுங்களே யாருடா இவன் புதுசான்னு கேப்பானுங்க" என்றார். ஆகவே அட்டைகளில் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், ஹெல்பர் என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கும் அவை தெரிந்த சொற்களாம். எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்த நான்கு சொற்களுக்கும் நான்கு மனிதர்கள் இருக்கிறார்கள். என் சொற்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை.

கொக்கிக்குக் கீழே நான்கு பேர் நிற்பதாகவும் படம் வேண்டும். நால்வரையும் ஒரே படமாகக் கருவியிடம் கேட்போமா என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டு, பூட்டுகளைப்போலவே ஆட்களையும் ஒவ்வொருவராக வரவழைத்தார். சிவப்புத் தலைக்கவசம், மஞ்சள், நீலம், பச்சை. யார் பூட்டு எது என்பது அப்படியே தெரிந்தது. அன்று மாலை மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். எண்ணவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "அடிச்சிடும்மா" என்றார்.

பலகை உள்ளே போயிற்று. நான் பார்த்ததில்லை, அங்கே எனக்கு அனுமதியில்லை. பலகை அச்சாகும்போது இடம் போதாமல் என் வாசகத்தின் எழுத்தளவைக் குறைத்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அந்த எரிச்சல் எனக்கு நெடுநாள் இருந்தது. உண்மையில் இன்னும் இருக்கிறது.

ஷட்டவுன் முடிந்தபின் மேற்பார்வையாளர் ஒரு பலாப்பழத்தை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். என் வாசகத்தைப் படித்தார்களா என்றும் கேட்டேன்.

"யாரும் படிக்கலீங்க" என்றார், சற்றும் தயங்காமல்.

பிறகு பழத்தை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாளு எலக்ட்ரிகல்லேருந்து ஒரு பையன் கூடுதலா வந்தான். பேச்சு நம்ம பேச்சு இல்ல. உள்ள போறதுக்கு முன்னாடி போர்டுகிட்ட நின்னு பார்த்துக்கினே இருந்தான். அப்புறம் படத்துல காலியா இருக்குதுல்ல அஞ்சாவது ஓட்டை, அதுல வெரல வெச்சிட்டு என்னத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். போயி ஸ்டோர்ல அவன் பேருக்கு ஒரு பூட்டு கேட்டு வாங்கிக்கினு வந்தான்."

"மாட்டிவிட்டுத்தான் போனானா?"

"மாட்டிட்டுச் சாவிய என்கிட்ட ஆட்டிக் காட்டிட்டுப் போனான் டீச்சர். அன்னிக்கு அஞ்சு பூட்டு."